அசையும் ஜிஃப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே ஜிஃப்பை வைத்துத்தான். தெரிந்தவர் கடைத் திறப்புக்குச் செய்தது அது. இருண்ட பின்னணி, கீழே குத்துவிளக்கு, சுடர் ஆடிக்கொண்டே இருக்கும். மேலே மஞ்சள் எழுத்தில் ‘நாளை திறப்பு விழா’ மெல்லத் தெளிந்து வரும். மறுநாள் அனுப்ப ‘நாளை’யை ‘இன்று’ ஆக்க வேண்டும், வேறெதுவும் மாறக் கூடாது. அளவு 400×400, மொத்தம் 36 ஃபிரேம். முதல் 35 ஃபிரேமும் ஒவ்வொன்றும் 0.08 நொடி நிற்கும். கடைசி ஃபிரேம் மட்டும் 1.5 நொடி. ஆக ஒரு சுற்று 4.3 நொடி.

ஒரு ஃபிரேமில் சொல்லை மாற்றிவிட்டேன். ஓடவிட்டால் பழைய சொல் திரும்ப வருகிறது. ஏன்?

ஜிஃப்பில் முதல் ஃபிரேமைத் தவிர மற்றவை பெரும்பாலும் முழுப் படங்கள் அல்ல, வெறும் ஒட்டுத்துண்டுகள். முந்தைய படத்திலிருந்து எந்தப் பகுதி மாறியதோ அந்தச் செவ்வகம் மட்டும் சேமிக்கப்படும். மற்ற இடத்தில் ஏற்கெனவே இருப்பது அப்படியே நிற்கும். ஃபைலின் அளவைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு.

நம் ஜிஃப்பில் எழுத்து நான்கு ஃபிரேம்களில் படிப்படியாகத் தெளிகிறது. அதன் பிறகு வரும் ஃபிரேம்களில் சுடரைச் சுற்றிய சிறு செவ்வகம் மட்டுமே இருக்கிறது. திரையில் தெரியும் எழுத்து, முன்பு வரைந்தது அழியாமல் நிற்பதுதான். தெளிந்து வரும் நான்கில் ஒன்றை மட்டும் நீங்கள் திருத்தியிருந்தால், அடுத்தது வந்து பழைய சொல்லை அதன் மேல் எழுதிவிடும். கடைசி ஃபிரேமைத் திறந்து பார்த்தால் அதில் எழுத்தே இருக்காது, சுடர் மட்டும் வெட்டவெளியில் மிதக்கும்.

அதனால் முதல் வேலை, எல்லா ஃபிரேமையும் முழுப் படமாக விரிப்பது. கட்டளை வரியில் படங்களைத் திருத்தும் நிரலான இமேஜ்மேஜிக்கில் அதற்கு ஒரே வரி போதும்:

```
magick nalai.gif -coalesce flat.gif
```

படம் திருத்தும் நிரலான ஜிம்ப்பில் `Filters > Animation > Unoptimize` இதையே செய்யும். ஃபைல் பல மடங்கு பெருத்துவிடும். பயப்பட வேண்டாம், கடைசியில் சுருக்கிக்கொள்ளலாம். அசல் ஃபைலைத் தொடாமல் தனியே வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

விரித்தால் 28 ஃபிரேமில் அந்தச் சொல் இருக்கிறது. 28 தடவையும் கையால் எழுதுவதா?

கூடாது. அலுப்பு ஒரு காரணம்தான். கையால் எழுதினால் ஃபிரேமுக்கு ஃபிரேம் எழுத்து ஒரு பிக்செல் இங்கும் அங்கும் நகர்ந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒரு பிக்செல்தானே என்று தோன்றும். ஓடவிட்டால் சொல் நடுங்கும், பக்கத்தில் ‘திறப்பு விழா’ அசையாமல் நிற்பதால் நடுக்கம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

சொல்லை ஒரே ஒருமுறை தனிப் படமாகச் செய்யுங்கள். 400×400 அளவில், சொல் வரும் செவ்வகம் தவிர மற்ற இடமெல்லாம் ஒளி புகும்படி ஒரு பிஎன்ஜி. இதை ஒட்டு என்று வைத்துக்கொள்வோம். அதே ஒட்டை எல்லா ஃபிரேமின் மேலும் வைத்தால் இடம் பிசகவே வாய்ப்பில்லை. முழு அளவில் செய்வதால் எத்தனை பிக்செல் தள்ளி வைப்பது என்ற கணக்கும் வேண்டாம்.

பழைய சொல்லை அழித்தால் பின்னணியில் கறை மாதிரித் தெரிகிறதே?

தூரிகையால் அழிக்காதீர்கள். சொல் தோன்றுவதற்கு முந்தைய ஃபிரேம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஜிஃப்பில் முதல் எட்டு ஃபிரேமிலும் எழுத்தே இல்லை, வெறும் பின்னணிதான். அந்த ஃபிரேம் ஒன்றிலிருந்து சொல் வரும் செவ்வகத்தை வெட்டி எடுத்தால் கறையில்லாத அசல் பின்னணி கிடைத்துவிடும். எழுத்து முதல் ஃபிரேமிலிருந்தே இருந்தால்தான் பக்கத்துப் பகுதியை நகலெடுத்து ஒட்டுப்போடும் வேலை.

செவ்வகம் எவ்வளவு பெரியது என்பதில்தான் எனக்குச் சறுக்கியது. ‘நாளை’யின் எழுத்துகள், வரி நிற்கும் அடிக்கோட்டுக்குக் கீழே அதிகம் இறங்காது. அதை மட்டும் மூடும்படி வெட்டினேன். ஆனால் ‘இன்று’வில் உள்ள று இன்னும் கீழே வால் நீட்டும். வால் பாதியில் அறுபட்டு நின்றது. பழைய சொல், புதிய சொல் இரண்டும் அடங்கும்படி வெட்ட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி என்று தாராளமாகக் கீழே இறக்கி வெட்டினால் வேறு வம்பு. சில ஃபிரேம்களில் சுடரின் நுனி ஐந்தாறு பிக்செல் செவ்வகத்துக்குள் ஏறி வருகிறது. அந்த ஃபிரேம்களில் என் ஒட்டு நுனியைச் சீவிவிட்டது. சுடர் கத்தரித்தது போல் தட்டையாகத் தெரிந்தது. அடி ஓரத்தை வாலுக்கு ஒட்டினாற்போல் ஏற்றியதும் சரியானது. ஒட்டை வைத்தபின் செவ்வகத்தின் நான்கு ஓரத்தையும் பெரிதாக்கி, எல்லா ஃபிரேமையும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஓரத்தில் எதுவாவது வெட்டுப்பட்டால் அங்கே தெரிந்துவிடும்.

பின்னணியே அசைந்தால், உதாரணமாக எழுத்துக்குப் பின்னால் புகையோ தண்ணீரோ ஓடினால், ஒரே ஒட்டு உதவாது. அசையும் இடத்தில் ஒரு செவ்வகம் மட்டும் உறைந்துபோய் அஞ்சல்தலை ஒட்டியது போல் இருக்கும். அந்த மாதிரி ஜிஃப்பை ஃபிரேம் ஃபிரேமாகத்தான் சரிசெய்ய வேண்டும். மூல வீடியோ கிடைத்தால் அதிலிருந்து புதிதாகச் செய்வது லாபம்.

சொல் திடீரென்று வராமல் மெல்லத் தெளிந்து வருகிறது. அதை எப்படிக் காப்பாற்றுவது?

தெளியும் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஒட்டு வேண்டும். நம் ஜிஃப்பில் படி நான்கு: 25, 50, 75, 100 சதவீதம். ஜிம்ப்பில் `flat.gif` திறந்து `Image > Mode > RGB` கொடுங்கள். இதை மறந்தால் எழுத்தின் விளிம்பு பல்பல்லாக வரும். வெட்டிய பின்னணியை ஒரு லேயராக ஒட்டி, அதன் மேல் எழுத்து லேயரில் ‘இன்று’ என்று தட்டி, ‘திறப்பு’ நிற்கும் அடிக்கோட்டிலேயே நிறுத்துங்கள். மற்ற லேயர்களின் கண்ணை மூடிவிட்டு பிஎன்ஜியாக எடுத்தால் `p100.png` தயார். அப்புறம் எழுத்து லேயரின் ஒளிபுகாமையை மட்டும் 75, 50, 25 என்று இறக்கி மற்ற மூன்றையும் எடுங்கள். பின்னணி லேயர் எப்போதும் 100-இல் இருக்கட்டும். அதையும் இறக்கினால் கீழே இருக்கும் ‘நாளை’ பேய் மாதிரி எட்டிப்பார்க்கும்.

சதவீதத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. பக்கத்தில் ‘திறப்பு’ இருக்கிறதே, அதுவும் அதே படியில்தான் தெளிகிறது. அந்த ஃபிரேமில் ‘திறப்பு’வின் தடித்த கோட்டின் நடுவில் வண்ணம் தேர்ந்தெடுக்கும் கருவியை வைத்து மதிப்பைக் குறித்துக்கொண்டு, உங்கள் எழுத்தில் அதே மதிப்பு வரும்வரை இழுங்கள். இரண்டு சொல்லும் சேர்ந்தே எழும்பினால்தான் கண் நம்பும்.

‘இன்று’ என்று தட்டினால் உகரம் தனியாகப் பிரிந்து நிற்கிறது. என்ன செய்ய?

கட்டளை வரியிலேயே இமேஜ்மேஜிக்கின் `-annotate` கொண்டு எழுதினால் இது நடக்கும். தமிழில் எழுத்தும் குறியும் சேர்ந்து உருமாற வேண்டும். றகரமும் உகரமும் சேர்ந்து று ஆவது போல. அந்தச் சேர்க்கையைச் செய்ய இமேஜ்மேஜிக்குக்கு ராக்ம் என்ற துணை நிரல் தேவை. `magick -version` கொடுத்தால் வரும் `Delegates` வரியில் `raqm` இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உகரம் பிரியும், ‘நாளை’யின் ஐகாரக் குறி ளகரத்துக்குப் பின்னால் போய் உட்காரும்.

ஜிம்ப்பில் இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் எழுத்து வேலையை அங்கே வைத்தேன். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் போன்ற யூனிகோடு எழுத்துருவாக இருக்கட்டும். அசல் ஜிஃப் டிடிபி கடையில் பாமினி வகை எழுத்துருவில் செய்ததாக இருந்தால், அதே உருவம் வேண்டி அந்த எழுத்துருவைத் தேர்ந்தாலும் யூனிகோடில் தட்டியது அதில் சரியாக வராது. அந்த முறைக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

எழுத்துருவே தெரியாவிட்டால் ஒரு குறுக்கு வழி: அதே ஜிஃப்பில் இருக்கும் எழுத்துகளையே வெட்டிச் சேர்க்கலாம். ஆனால் ‘இன்று’வுக்கு வேண்டிய இ, ன், று மூன்றும் ‘நாளை திறப்பு விழா’வில் இல்லை. எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

எல்லாவற்றையும் சேர்க்கும் கட்டளை எது?

இமேஜ்மேஜிக் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஜிம்ப் ஒன்றிலிருந்து எண்ணும். ஜிம்ப்பில் `Frame 9` என்று தெரிவது இங்கே 8. நிறையப் பேர் ஒரு ஃபிரேம் தள்ளி ஒட்டுவது இதனால்தான். 0 முதல் 7 வரை எழுத்தில்லை, 8, 9, 10 தெளியும் படிகள், 11 முதல் 35 வரை முழு எழுத்து:

```
magick "flat.gif[0-7]" \
  \( "flat.gif[8]" p25.png -composite \) \
  \( "flat.gif[9]" p50.png -composite \) \
  \( "flat.gif[10]" p75.png -composite \) \
  \( "flat.gif[11-35]" null: p100.png -layers composite \) \
  +dither +remap -loop 0 indru.gif
```

கடைசி அடைப்பில் உள்ள `null:` ஒரு தடுப்பு. இடப்பக்கம் ஃபிரேம் வரிசை, வலப்பக்கம் ஒட்டு. வலப்பக்கம் ஒரே படம் இருந்தால் அது 25 ஃபிரேமின் மேலும் விழும், ஃபிரேமின் நேரம் அப்படியே இருக்கும். விண்டோஸ் கட்டளைப் பலகையில் அடைப்புக்குறிக்கு முன்னுள்ள சாய்கோட்டை எடுத்துவிடுங்கள், வரி முடிவில் `\` இடத்தில் `^` போடுங்கள்.

சுருக்குவதற்கு ஜிஃப்சிகிள்:

```
gifsicle -O3 -Okeep-empty indru.gif -o final.gif
```

`-Okeep-empty` ஏன் என்றால், அடுத்தடுத்து இரண்டு ஃபிரேம் ஒரே மாதிரி இருந்தால் ஜிஃப்சிகிள் இரண்டாவதைத் தூக்கிவிடும். அதன் நேரத்தை முந்தையதோடு சேர்த்துவிடுவதால் ஓட்டம் கெடாது, ஆனால் ஃபிரேம் எண்ணிக்கை குறைந்து, அடுத்து வரும் சரிபார்ப்பில் குழப்பும்.

மாற்றிய பிறகு வேகமாக ஓடுகிறது, கடைசியில் நிற்கவே இல்லை. நேரம் எங்கே போனது?

ஃபிரேம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது படத்துக்குள் இல்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் தனிக் குறிப்பாக, நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதப்பட்டிருக்கும். நம்முடையதில் 8, 8, 8 என்று போய்க் கடைசியில் 150. ஃபிரேம்களைத் தனித்தனி பிஎன்ஜியாகப் பிரித்துத் திருத்திச் சேர்த்தால் அந்தக் குறிப்பு பிஎன்ஜியோடு வராது. சேர்க்கும் நிரல் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தைப் போட்டுவிடும். எல்லாம் 8 என்றானால் 4.3 நொடிச் சுற்று 2.88 நொடியாகும். படித்து முடிப்பதற்குள் எழுத்து ஓடிவிடும்.

உறுதிசெய்துகொள்ள இரண்டு ஃபைலின் நேரப் பட்டியலையும் எடுத்து ஒப்பிடுங்கள்:

```
magick identify -format "%s %T\n" nalai.gif > a.txt
magick identify -format "%s %T\n" final.gif > b.txt
diff a.txt b.txt
```

`diff` எதுவும் பேசாவிட்டால் நேரம் அப்படியே இருக்கிறது. கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். அரைமணி நேரம் அதையே பார்த்த கண்ணுக்கு எல்லா வேகமும் சரியாகத்தான் தோன்றும். நேரம் போய்விட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம்:

```
gifsicle final.gif -d8 "#0-34" -d150 "#35" -o fixed.gif
```

இன்னொன்று. அசலில் நேரம் 0 அல்லது 1 என்று இருந்தால் உலாவிகள் அதை மதிக்காமல் 10 என்று எடுத்துக்கொள்ளும். ‘சும்மா கொஞ்சம் வேகமாக்குவோம்’ என்று 2-ஐ 1 ஆக்கினால் ஐந்து மடங்கு மெதுவாக ஓடுவதைப் பார்த்துத் தலையைச் சொறிவீர்கள்.

நேரம் எல்லாம் சரி. ஆனாலும் ஒரு இடத்தில் திக்கியது போல் இருக்கிறது.

பெரும்பாலும் திக்குவது நேரம் இல்லை, நிறம். ஜிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 256 நிறம்தான். திருத்திய ஃபிரேமுக்குப் புதிதாக 256 நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பின்னணியின் இருட்டு ஒரு நூல் வெளுக்கும் அல்லது கறுக்கும். ஒன்பதாவது ஃபிரேமில் மட்டும் அப்படி மாறினால் படம் அங்கே துள்ளியது போல் கண் எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத நிறத்தை வேறு நிறப் புள்ளிகளைக் கலந்து காட்டும் புள்ளிக் கலப்பும் சேர்ந்தால் ஃபிரேமுக்கு ஃபிரேம் புள்ளிகள் இடம் மாறிப் பின்னணி முழுக்க எறும்பு ஊரும்.

மேலே கட்டளையில் `+dither +remap` போட்டது இதற்குத்தான். முதலாவது புதிதாகப் புள்ளிக் கலப்பு செய்யாதே என்கிறது, இரண்டாவது எல்லா ஃபிரேமுக்கும் ஒரே நிறப் பட்டியல் வை என்கிறது. புதிய சொல்லுக்குப் பழைய சொல்லின் அதே மஞ்சளை எடுத்தால் பட்டியலில் இடநெருக்கடியும் வராது. ‘இன்று’வைச் சிவப்பாக்கலாமா என்று கடைக்காரர் கேட்டார். ஆக்கலாம்தான், ஆனால் சிவப்புக்கும் அதன் விளிம்புச் சாயல்களுக்கும் இடம் தர, சுடரின் ஆரஞ்சுச் சாயல்கள் சில பலியாகும் என்றதும் விட்டுவிட்டார்.

திக்கும் இடம் நிறமா நேரமா என்று பிரித்தறிய, ஜிம்ப்பில் எட்டாவது, ஒன்பதாவது ஃபிரேம்களை எடுத்து எழுத்திலிருந்தும் சுடரிலிருந்தும் தூரமான ஒரு மூலையில் வண்ண மதிப்பைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் குற்றவாளி நிறம்.

கட்டளை வரி எனக்கு ஒத்துவராது. ஜிம்ப்பிலேயே முடிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஜிம்ப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு லேயர், அடியில் இருப்பது முதல் ஃபிரேம். நேரம் லேயரின் பெயரிலேயே எழுதியிருக்கும்: `Frame 9 (80ms) (replace)`. அந்தப் பெயர்தான் உங்கள் கடிகாரம்.

ஒட்டு லேயரை நகலெடுத்து ஃபிரேமுக்கு நேர் மேலே வைத்து `Merge Down` கொடுங்கள். இணைந்த லேயருக்குக் கீழே இருந்ததன் பெயர் நிற்கும், நேரமும் தப்பும். மாறாக, ஒட்டைக் கீழே வைத்து ஃபிரேமை அதன் மேல் இணைத்தால் எழுத்தும் மறையும், நேரமும் போகும். இணைக்காமல் விட்டுவிட்ட எழுத்து லேயர் ஏதாவது இருந்தால் அதுவே தனி ஃபிரேமாகி இடையில் புகுந்துகொள்ளும். லேயர் எண்ணிக்கை 36-தானா என்று பாருங்கள்.

ஏற்றுமதியில் `As animation` குறி இருக்க வேண்டும், `Use delay entered above for all frames` குறி இருக்கவே கூடாது. அதற்கு முன் `Image > Mode > Indexed` சென்று புள்ளிக் கலப்பு வேண்டாம் என்று தேர்ந்துகொள்ளுங்கள். ஜிம்ப்பில் எல்லா லேயருக்கும் ஒரே நிறப் பட்டியல்தான் என்பதால் நிறத் துள்ளல் இங்கே வராது.

புதிய சொல் பழையதைவிட நீளம். படிக்க நேரம் போதவில்லையே?

நடுவில் ஃபிரேம் சேர்க்காதீர்கள், அசையும் ஃபிரேம்களின் நேரத்தையும் கூட்டாதீர்கள். இரண்டிலும் சுடரின் ஆட்டம் இழுபடும். ஏற்கெனவே நிற்கும் ஃபிரேமை இன்னும் கொஞ்சம் நிற்கவிடுங்கள். 150-ஐ 200 ஆக்கினால் யாருக்கும் தெரியாது. அங்கே சுடர் ஏற்கெனவே நின்றுதான் இருக்கிறது.

அகலம் இடித்தால் எழுத்தை ஓரிரு புள்ளி சிறிதாக்கிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒட்டை விரித்து மொத்த வரியையும் புதிதாக எழுதிவிடுவது நல்லது. பக்கத்துச் சொல்லை மட்டும் தள்ளி வைக்கும் வேலை இரண்டு மடங்கு, பலன் பாதி.

வாட்ஸ்அப்பில் வந்த ஜிஃப்பைத் திறந்தால் ஜிம்ப் ஏற்கவில்லை.

அது ஜிஃப்பே இல்லை. வாட்ஸ்அப் ஜிஃப்பை எம்பி4 வீடியோவாக மாற்றித்தான் அனுப்புகிறது. போனில் சேமித்ததும் அந்த வீடியோதான். அதிலிருந்து திரும்ப ஜிஃப் செய்யலாம், ஆனால் வீடியோவின் சுருக்கத்தால் எழுத்தைச் சுற்றித் தூசி படிந்திருக்கும், வெறும் பின்னணிகூட ஃபிரேமுக்கு ஃபிரேம் லேசாக மாறும். ஒட்டு அதன் மேல் சுத்தமாகத் துலங்கி, ஒட்டு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

செய்தவரிடம் அசலை மெயிலிலோ, வாட்ஸ்அப்பிலேயே டாக்குமெண்ட்டாகவோ அனுப்பச் சொல்லுங்கள். டாக்குமெண்ட்டாக வந்தால் ஃபைல் மாறாமல் வரும்.